ஒரே கார், ஐந்து விலை: எந்த வேரியன்ட்டுக்குப் பணம் கொடுக்கலாம்?

கார் வாங்க நினைப்பவர்கள் எந்த மாடல் என்று முடிவெடுக்க மாதக்கணக்கில் யோசிப்பார்கள். மைலேஜ் விசாரிப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரரின் காரில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆனால் அதே மாடலில் எந்த வேரியன்ட் என்ற கேள்விக்கு, ஷோரூமில் காபி குடித்து முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவார்கள். சின்னக் காரிலேயே அந்தப் பதிலின் விலை இரண்டு லட்சத்துக்கு மேல் போகும். அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

வேரியன்ட் என்றால் ஒரே காரை வெவ்வேறு வசதிகளோடு, வெவ்வேறு விலையில், படிப்படியாக விற்பது. பேச்சில் பேஸ் மாடல், மிடில், டாப் எண்ட் என்கிறோம். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். மாருதியில் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ என்று போகும். பெரும்பாலும் எஞ்சின், கதவு, பானெட், சஸ்பென்ஷன் எல்லாம் எல்லாப் படியிலும் ஒன்றுதான். மாறுவது உள்ளேயும் வெளியேயும் சேர்க்கப்படும் சாமான்கள்.

பொதுவாகப் பேசினால் விஷயம் பிடிபடாது. நம்மூர்ச் சாலைகளில் அதிகம் கண்ணில் படும் ஸ்விஃப்ட்டை வைத்தே பேசலாம். நான்காம் தலைமுறை ஸ்விஃப்ட் 2024 மே மாதம் வந்தது. அப்போதைய எக்ஸ் ஷோரூம் விலை ஏறத்தாழ இப்படி இருந்தது: எல்எக்ஸ்ஐ 6.49 லட்சம், விஎக்ஸ்ஐ 7.29 லட்சம், விஎக்ஸ்ஐ ஆப்ஷனல் 7.57 லட்சம், இசட்எக்ஸ்ஐ 8.29 லட்சம், இசட்எக்ஸ்ஐ பிளஸ் 8.99 லட்சம். எல்எக்ஸ்ஐ தவிர மற்றதெல்லாம், கிளட்ச் மிதிக்காமல் தானாகவே மாறும் ஏஎம்டி கியரோடும் கிடைத்தது. அதற்கு 50 ஆயிரம் கூடுதல். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததால் இன்றைய விலை வேறு. வசதிப் பட்டியலையும் கம்பெனிகள் அவ்வப்போது மாற்றும். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது. அதற்காகத்தான் அறிமுக விலையை எடுத்துக்கொண்டேன்.

இந்தப் பட்டியலில் 6.49, 8.99 என்ற இரண்டு முனைகளையும் பார்க்காதீர்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். எல்எக்ஸ்ஐயிலிருந்து விஎக்ஸ்ஐக்கு 80 ஆயிரம். அங்கிருந்து ஆப்ஷனலுக்கு 28 ஆயிரம். அதிலிருந்து இசட்எக்ஸ்ஐக்கு 72 ஆயிரம். கடைசிப் படி 70 ஆயிரம். விற்பனையாளர் எப்போதும் அடுத்த ஒரு படியைத்தான் காட்டுவார். "இன்னும் எழுபதாயிரம்தான் சார், மாசத்துக்கு ஆயிரத்து ஐநூறுகூட வராது" என்பார். ஒவ்வொரு படியும் சின்னதாகத்தான் தெரியும். எல்லாம் ஏறி முடித்த பிறகு பார்த்தால், வீட்டிலிருந்து கிளம்பும்போது மனதில் வைத்திருந்த தொகையை இரண்டு லட்சம் தாண்டியிருப்போம்.

அந்த 70 ஆயிரம்கூட 70 ஆயிரமாக நிற்பதில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரி உயர்ந்தது. புதுக் காரின் விலை 5 லட்சம் வரை என்றால் ஆயுள் வரி 12 சதவீதம். 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். அதற்கு மேல் 20 சதவீதம். ஆகவே 70 ஆயிரத்தின் மேல் 13 சதவீதம் சேர்ந்து 79,100 ஆகிறது. கார் விலை கூடினால் இன்சூரன்ஸில் சொந்தச் சேதத்துக்கான பிரீமியமும் கொஞ்சம் கூடும். இந்த 79,100-ஐயும் கடனில் சேர்த்து, 9 சதவீத வட்டியில் ஐந்து வருடம் கட்டினால் மொத்தம் ஏறத்தாழ 98,500 ரூபாய். இன்சூரன்ஸையும் சேர்த்தால் ஒரு லட்சத்தைத் தொட்டுவிடும். 70 ஆயிரம் என்று சொல்லி விற்கப்படும் படியின் உண்மையான விலை இதுதான். கடன் போட்டு வாங்குகிறவர்கள், பட்டியலில் தெரியும் இடைவெளியை மனதுக்குள் 1.4-ஆல் பெருக்கிக்கொண்டால் போதும், கணக்கு கிட்டத்தட்ட சரியாக வரும்.

10 லட்சம் என்ற எல்லையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நிறையப் பேர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். 18 சதவீதம் என்பது 10 லட்சத்துக்கு மேல் உள்ள தொகைக்கு மட்டும் இல்லை. கார் விலை முழுவதற்கும். 9.95 லட்சம் காருக்கு வரி 1,29,350. அதே மாடலில் 10.15 லட்சம் வேரியன்ட்டுக்கு வரி 1,82,700. விலை வித்தியாசம் 20 ஆயிரம்தான். வரி மட்டும் 53 ஆயிரம் கூடுகிறது. போதாததற்கு, 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு டிசிஎஸ் என்று 1 சதவீதத்தை வருமான வரிக்கு முன்கூட்டியே பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழிந்துவிடும், நஷ்டம் இல்லை. ஆனால் கார் எடுக்கும் அன்று கையிலிருந்து போக வேண்டிய பணம். ஸ்விஃப்ட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. காம்பாக்ட் எஸ்யூவி பார்க்கிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். அங்கே இரண்டு வேரியன்ட்டுகள் இந்தக் கோட்டின் இரு பக்கமும் நின்றால், மேலே உள்ளதில் என்ன வசதி இருந்தாலும் ஒருமுறைக்கு மூன்றுமுறை யோசியுங்கள்.

சரி, விலை புரிந்தது. அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது என்பதை எப்படி எடை போடுவது? நான் பின்பற்றும் வழி எளிமையானது. கம்பெனி பிரோஷரின் கடைசிப் பக்கங்களில் ஒரு அட்டவணை இருக்கும்; எந்த வசதி எந்த வேரியன்ட்டில் என்று டிக் போட்டிருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு, ஒரு படி ஏறினால் புதிதாகச் சேருவதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அதில் வெளியே கடையில் பிறகு மாட்டிக்கொள்ளக்கூடியது எதுவோ, அதன் பக்கத்தில் வெளிக்கடை விலையை எழுதுங்கள். பிறகு எந்தக் காலத்திலும் மாட்ட முடியாதது எதுவோ, அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். இடைவெளித் தொகையிலிருந்து வெளிக்கடை விலையைக் கழித்தால் மிஞ்சுவது, வட்டம் போட்ட வசதிகளுக்கு நீங்கள் கொடுக்கும் விலை. அந்த விலை உங்களுக்குச் சம்மதமா என்பதுதான் கேள்வி.

வட்டம் போட வேண்டியவற்றில் முதலில் வருவது பாதுகாப்பு. ஏர்பேக்கை எந்தக் கடையிலும் போய் மாட்டிக்கொள்ள முடியாது. சறுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் கொடுத்து வண்டியை நேராக்கும் இஎஸ்பியும் அப்படித்தான். இந்த ஸ்விஃப்ட்டில் ஆறு ஏர்பேக், இஎஸ்பி, மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி, எல்லா சீட்டுக்கும் மூன்று முனை சீட் பெல்ட் எல்லாம் எல்எக்ஸ்ஐயிலேயே வந்துவிட்டன. எனக்கு இந்தக் காரில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். பாதுகாப்புக்காக மேல் வேரியன்ட்டுக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. எல்லா மாடலும் இப்படி இல்லை. கீழ்ப் படியில் இரண்டே ஏர்பேக் வைத்து, ஆறு வேண்டுமென்றால் மேலே வா என்று விற்ற கார்கள் உண்டு. பழைய ஸ்விஃப்ட்டிலேயே இரண்டுதான் இருந்தது. நீங்கள் பார்க்கும் மாடல் அப்படி இருந்தால், ஆறு ஏர்பேக்கும் இஎஸ்பியும் எந்தப் படியில் தொடங்குகிறதோ அதுதான் உங்களுடைய பேஸ் மாடல் என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து கணக்கை ஆரம்பியுங்கள்.

இப்போது எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ இடைவெளி. 80 ஆயிரத்துக்கு முக்கியமாகக் கிடைப்பது 7 அங்குலத் தொடுதிரை, ஸ்பீக்கர்கள், ஸ்டீயரிங்கிலேயே பாட்டு, போன் பட்டன்கள், உள்ளிருந்தே பட்டனால் திருப்பும் வெளிக் கண்ணாடிகள், வீல் கவர்கள். எல்எக்ஸ்ஐயில் மியூசிக் சிஸ்டமே கிடையாது. வெளிக்கடையில் ஓரளவு நல்ல திரையும் நான்கு ஸ்பீக்கரும் மாட்ட ஏறத்தாழ 20 முதல் 25 ஆயிரம் ஆகும். வீல் கவர் சில ஆயிரம். மிச்சம் 50 ஆயிரம் எதற்கு என்று பார்த்தால், கண்ணாடிக்கும் ஸ்டீயரிங் பட்டனுக்கும், எல்லாம் கம்பெனி வயரிங்கில் ஒழுங்காக உட்கார்ந்திருப்பதற்கும்தான். கணக்குப்படி இது அவ்வளவு லாபமான படி இல்லை. அதனால் வீட்டில் இரண்டாவது காராகவோ, மாதத்தில் நான்கு நாள் மட்டும் எடுக்கவோ வாங்குகிறவருக்கு எல்எக்ஸ்ஐயே போதும் என்பேன். யாரும் உங்களைப் பேஸ் மாடல்காரர் என்று பார்ப்பார்களோ என்ற தயக்கத்தை விட்டுவிடலாம். தினமும் ஓட்டுகிறவருக்கு விஎக்ஸ்ஐ நியாயம். கண்ணாடியைக் கையால் திருப்புவது சின்ன விஷயம் போலத் தோன்றும். கணவன், மனைவி இருவரும் மாறி மாறி ஓட்டும் வீட்டில், இடப்பக்கக் கண்ணாடியைச் சரிசெய்யாமலே கிளம்பிவிடுவார்கள். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆப்ஷனலுக்கு 28 ஆயிரம். சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு பட்டன் அழுத்திக் கிளப்புவதும், பட்டனால் மடியும் கண்ணாடிகளும்தான் அதில் முக்கியம். குறுகலான தெருவில் காரை நிறுத்துகிறவருக்குக் கண்ணாடி மடிப்பது உதவும். மற்றவர்கள் விட்டுவிடலாம்.

அடுத்த 72 ஆயிரம் கொஞ்சம் சிக்கலானது. இசட்எக்ஸ்ஐயில் எல்இடி ஹெட்லைட், 15 அங்குல அலாய் வீல், தானாக வெப்பநிலை பார்த்துக்கொள்ளும் ஏசி, வயர் இல்லாத போன் சார்ஜர், பின் கண்ணாடிக்கு வைப்பர், இரண்டு பகுதியாகத் தனித்தனியே மடியும் பின் சீட் வருகின்றன. இதில் போன் சார்ஜரை அடித்துவிடலாம். அது போனைச் சூடாக்கி மெதுவாகச் சார்ஜ் செய்யும், இரண்டு நாளில் கேபிளுக்கே திரும்பிவிடுவோம். ஆட்டோ ஏசி சௌகரியம்தான்; ஆனால் குளிர்ச்சி இரண்டிலும் ஒன்றே, குமிழைத் திருப்பும் வேலைதான் மிச்சம். அலாய் வீல் அழகு. அதோடு, கீழ் வேரியன்ட்டின் 165 அகல டயருக்குப் பதிலாக 185 அகல டயர் வருவதால் வளைவில் பிடிப்பு கொஞ்சம் நன்றாக இருக்கும். ஆனால் டயர் மாற்றும்போது செலவும் கூடும். பள்ளத்தில் ஓங்கி விழுந்தால் இரும்பு டிஸ்க் வளையும், தட்டி நிமிர்த்திவிடலாம். அலாய் விரிசல் விட்டால் மாற்றத்தான் வேண்டும். மோசமான கிராமச் சாலையில் ஓட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வட்டம் போட வேண்டியவை இரண்டு: ஹெட்லைட்டும் பின் வைப்பரும். இரவில் நெடுஞ்சாலையில் அதிகம் போகிறவருக்கு நல்ல ஹெட்லைட் பாதுகாப்புக் கணக்கில்தான் வரும். ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு வெளிக்கடை எல்இடி பல்பு போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். அதைச் செய்யாதீர்கள். ஹாலஜன் பல்பில் ஒளி எந்த இடத்திலிருந்து கிளம்புமோ, அதற்கேற்ப விளக்கின் உள்வளைவு செய்யப்பட்டிருக்கும். வேறு பல்பு போட்டால் ஒளி சாலையில் விழாமல் சிதறி எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். வயரில் கை வைத்தால் வாரண்டியும் சிக்கலாகும். ஆகவே இரவுப் பயணம் நிறைய உள்ளவருக்கு இசட்எக்ஸ்ஐ தகும். பகலில் ஊருக்குள் ஓட்டுகிறவருக்குத் தகாது.

கடைசிப் படியான இசட்எக்ஸ்ஐ பிளஸ்ஸில் 9 அங்குலத் திரை, ரிவர்ஸ் கேமரா, கால் வைக்காமலே ஒரே வேகத்தில் ஓட வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல், பளபளப்பாகச் சீவிய அலாய், பனிமூட்ட விளக்கு. ரிவர்ஸ் கேமரா எல்லோரும் விரும்பும் வசதி. அதனால்தான் அது மேலே வைக்கப்பட்டிருக்கிறது. மாடல்களை அடுக்குகிறவர்களின் முறையே இதுதான்: எல்லோரும் கேட்கும் ஒன்றை உச்சியில் வைத்து, அதோடு யாரும் தனியாகக் கேட்காத நாலைந்தைக் கட்டிவிடுவது. கேமராவை வெளியே சில ஆயிரத்தில் மாட்டலாம். விஎக்ஸ்ஐயின் திரையிலேயே இணைத்துக்கொள்ளலாம். பின் பக்க சென்சார் 2019 ஜூலை முதல் எல்லாக் காரிலும் கட்டாயம், அது பேஸ் மாடலிலும் கத்தும். 7 அங்குலம் 9 ஆவதால் மேப்பில் வழி மாறப்போவதில்லை. நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓட்டுகிறவருக்கு மட்டும் க்ரூஸ் கன்ட்ரோல் உபயோகப்படும். அதற்காக மட்டும் கடன் வட்டியோடு ஒரு லட்சமா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

இந்த வரிசையில் இல்லாமல் பக்கவாட்டில் நிற்பது ஏஎம்டி. சாதாரண கியர்பாக்ஸிலேயே கிளட்சையும் கியரையும் நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி இயக்கும், அவ்வளவுதான். அதனால்தான் 50 ஆயிரத்தில் கொடுக்க முடிகிறது. கியர் மாறும்போது ஒரு சின்னத் தயக்கம் தெரியும். ஓட்டிப் பார்த்துப் பிடித்தால் மட்டும் எடுங்கள். ஆனால் பிறகு மாட்டவே முடியாத, காரில் உட்கார்ந்த ஒவ்வொரு நிமிடமும் உபயோகமாகும் வசதி இந்தப் பட்டியலிலேயே இதுதான். நகர நெரிசலில் ஓட்டுகிறவர், முழங்கால் வலி உள்ளவர் என்றால், திரையையும் அலாயையும் விட்டுக்கொடுத்து இதை வாங்குங்கள் என்பேன்.

தஞ்சாவூரில் இருக்கும் என் அத்தை மகன் 2024 ஆவணியில் இந்தக் காரை வாங்கியபோது இதே தாளைத்தான் போட்டோம். ஷோரூமில் அவரிடம் இசட்எக்ஸ்ஐ பிளஸ் ஏஎம்டியை 9.49 லட்சத்துக்குப் பேசி முடித்திருந்தார்கள். உடனே டெலிவரி, கீழ் வேரியன்ட் என்றால் காத்திருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். "மச்சான், கார் ஒரு தடவைதானே வாங்குறோம், டாப் எண்டே எடுத்துடலாம்" என்றார். அவருடைய ஓட்டம் என்ன என்று எழுதினோம். தினமும் வீட்டிலிருந்து வங்கிக்கு ஆறு கிலோமீட்டர். மாதம் ஒருமுறை மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர், பகலில்தான். இடது முழங்காலில் வலி. ஏஎம்டிக்கு வட்டம் விழுந்துவிட்டது. ஹெட்லைட்டுக்கு விழவில்லை. விஎக்ஸ்ஐ ஏஎம்டி 7.79 லட்சம். டாப்போடு வித்தியாசம் 1.70 லட்சம், சாலை வரி வித்தியாசம் 22,100. ஆக 1,92,100 ரூபாய், வட்டி சேர்க்காமலே. கேமராவை மட்டும் பிறகு மாட்டிக்கொள்வது என்று முடிவு செய்து, மூன்று வாரம் காத்திருந்து விஎக்ஸ்ஐ ஏஎம்டி எடுத்தார்.

டாப் எண்ட் எடுத்தால் விற்கும்போது விலை வரும் என்றும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பழைய கார் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது வருடம், ஓடிய கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர், விபத்து உண்டா என்பதைத்தான். வேரியன்ட்டுக்கும் கொஞ்சம் கூடுதல் கிடைக்கும். ஆனால் புதிதில் கொடுத்த வித்தியாசம் காலத்தோடு சுருங்கிக்கொண்டே வரும். அதற்குக் கட்டிய சாலை வரியும் வட்டியும் திரும்பி வராது. ஏழு வருடம் கழித்து அந்த 9 அங்குலத் திரையும் பழசாகத்தான் தெரியும்.

வேறு மாடல் பார்க்கிறவர்கள் சன்ரூஃப் பற்றிக் கேட்பார்கள். ஸ்விஃப்ட்டில் அது இல்லை. ஆனால் இன்று விலையை ஏற்றுவதில் அதுதான் முன்னால் நிற்கிறது. ஒரு வேரியன்ட்டின் பெயரே சன்ரூஃபை வைத்து விற்கப்படுகிறது. நம் ஊர் வெயிலில் பகலில் அதைத் திறக்க முடியாது. கண்ணாடி வழியாக வெக்கை இறங்குவதால் உள்திரையை மூடித்தான் வைக்க வேண்டும். கூரையின் ஓரத்தில் விழும் மழைத்தண்ணீர் மெல்லிய குழாய்கள் வழியாகக் கீழே போகும். புங்கை, வேப்ப மரத்தடியில் நிறுத்தும் கார்களில் இலையும் தூசியும் அதை அடைத்தால் தண்ணீர் உள்ளே கசியும். சில கார்களில் தலைக்கு மேல் உள்ள இடமும் குறையும். பிள்ளைகள் தலையை வெளியே நீட்டி நிற்பதற்காக அதை வாங்காதீர்கள். திடீர் பிரேக் ஒன்று போதும். அதே பணத்துக்குப் பின் சீட்டுக்காரர்களுக்குத் தனி ஏசி துவாரம் கிடைக்கிறது என்றால், அதுதான் நம் ஊருக்கான வசதி. அதைப் பிறகு மாட்டவும் முடியாது.

வேரியன்ட்டை முடிவு செய்தாலும் வேலை முடியவில்லை. கொட்டேஷனில் இன்னொரு விலை ஏற்றம் காத்திருக்கும். "பேசிக் கிட்" என்று ஒரே வரியில் 15, 20 ஆயிரம் போட்டிருப்பார்கள். அதைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். மேட், மட் ஃப்ளாப், கதவோரப் பட்டை, குரோம் பூச்சு, சீட் கவர், கார் மூடும் உறை என்று வரும். மேட்டும் மட் ஃப்ளாப்பும் வேண்டியவை. மற்றதை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. குரோம் பட்டையின் இடுக்கில் அழுக்கு சேர்வதைத் தவிர அதனால் பயனில்லை. டெஃப்லான் பூச்சு என்று சொல்வது சில மாதத்தில் கழுவிப் போய்விடும் மெழுகுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் அதற்கு என்ன வேலை செய்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

சீட் கவரில் மட்டும் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஆறு ஏர்பேக் உள்ள காரில் முன் சீட்டின் வெளிப்பக்க ஓரத்துக்குள்தான் பக்கவாட்டு ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்தத் தையலோரத்தில் ஏர்பேக் என்று ஒரு சின்னத் துணிச்சீட்டு தைத்திருப்பதைப் பார்க்கலாம். பக்கத்திலிருந்து மோதினால் அது தையலைக் கிழித்துக்கொண்டு நொடியில் ஒரு துளி நேரத்துக்குள் விரிய வேண்டும். மேலே தடித்த கவரை இறுக்கித் தைத்துவிட்டால் சரியாக விரியாது. கவர் போட்டே ஆக வேண்டும் என்றால், அந்த ஓரத்தில் தானாகக் கிழியும் தையலோ திறப்போ உள்ளதாக வாங்குங்கள். அதேபோல் முன் பம்பரில் இரும்புக் குழாய் மாட்டுவது சட்டப்படியே கூடாது. மோதலை உணரும் சென்சாரை அது ஏமாற்றிவிடும்.

கூடுதல் எல்லாமே வீண் என்றும் சொல்ல மாட்டேன். இன்சூரன்ஸில், மாற்றும் பாகத்துக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் சேர்க்கையை முதல் சில வருடங்களுக்கு எடுப்பது நல்லது. பிளாஸ்டிக் பம்பர் ஒன்று உடைந்தாலே அதன் அருமை தெரியும். வெள்ளம் வரும் பகுதியில் இருக்கிறவர்கள் எஞ்சின் பாதுகாப்பு சேர்க்கையைக் கட்டாயம் போட வேண்டும். தண்ணீரில் நின்ற காரைக் கிளப்பி எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் சாதாரண பாலிசி பணம் தராது. 2015-லும் 2023-லும் சென்னையில் நிறையப் பேர் இதைப் பில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். பாலிசியை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதே சேர்க்கைகளோடு வெளியே விலை கேட்டுவிட்டு அவர்களிடம் காட்டினால், அங்கேயே குறைத்துக் கொடுக்கவும் கூடும். கூடுதல் வாரண்டியை அன்றைக்கே வாங்க வேண்டும் என்பதில்லை, கம்பெனி வாரண்டி முடிவதற்குள் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஷோரூமில் நிறுத்தியிருப்பதும், ஓட்டிப் பார்க்கத் தருவதும் பெரும்பாலும் டாப் எண்ட்தான். அதில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு விஎக்ஸ்ஐ புக் செய்தால், டெலிவரி அன்று ஏமாற்றமாக இருக்கும். நீங்கள் வாங்கப்போகும் வேரியன்ட்டையே கேளுங்கள். ஷோரூமில் இல்லையென்றால் ஸ்டாக்யார்டில் இருக்கும். நிற்கிற காரில் உட்கார்ந்து பார்த்தால்கூடப் போதும். எது இல்லை என்பது கண்ணில் படும்.

என் அத்தை மகன் இதைச் செய்யவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஐப்பசி மழையில் முதல் கோயம்புத்தூர் பயணம் முடித்துவிட்டுப் போன் செய்தார். "எல்லாம் சரி மச்சான், பின்னாடி கண்ணாடி முழுக்கச் சேறு, ஒண்ணுமே தெரியல. ரெண்டு தடவை இறங்கித் துடைச்சேன்" என்றார். பின்பக்கம் செங்குத்தாக முடியும் ஹாட்ச்பேக்கில் ஈரச்சாலைச் சேறு சுழன்று பின் கண்ணாடியிலேயே ஒட்டும். நீண்ட டிக்கி உள்ள செடானில் இவ்வளவு ஒட்டாது. அவருடைய தாளில் பின் வைப்பருக்கும் நாங்கள் வட்டம் போட்டிருக்க வேண்டும். அப்போதும் 72 ஆயிரத்துக்கு அவர் இசட்எக்ஸ்ஐ எடுத்திருப்பாரா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மாட்டேன், ஒரு துணியைக் கதவில் வைத்துக்கொள்கிறேன் என்றார்.